வெடித்த குழாய்க்குப் பணம்... ஊறிய சுவருக்கு ஏன் இல்லை?

முண்டியம்பாக்கத்தில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பக்கத்தில் 20 வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை நாலு மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், சமையலறைப் பரண் மேல் வெடிக்கிறது. வீட்டுக்காரம்மா எழுந்து கேட் வால்வை மூடுவதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் பழுது, மேல்பூச்சு பெயர்ந்துவிட்டது.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. சர்வேயர் வருகிறார். அவரிடம் நாலு செலவுகளைக் காட்டுகிறார்கள். ஃப்ரிட்ஜ் 24,000 ரூபாய், பூச்சு வேலை 18,000, பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் 15,000, கரையான் அரித்த கதவு நிலை 12,000. மொத்தம் 69,000. முதல் இரண்டையும் அவர் எழுதிக்கொள்கிறார், அதாவது 42,000. மீதி 27,000 ரூபாயைத் தொடவே இல்லை. "எல்லாமே தண்ணீரால் வந்ததுதானே?" என்று வீட்டில் கோபம். நியாயமான கேள்விதான்.

பதில் பாலிசிப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று எந்தெந்த நிகழ்வுகளுக்குப் பணம் உண்டு என்று அதில் ஒரு பட்டியல். 'தண்ணீர்த் தொட்டி, சாதனம், குழாய் ஆகியவை வெடிப்பதும் நிரம்பி வழிவதும்' அந்தப் பட்டியலில் உண்டு. மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிவதும்கூட இந்த வரியின் கீழ்தான் வரும் என்பது பலருக்குத் தெரியாது. கசிவு, ஓதம், கரையான் ஆகியவை பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததற்குப் பணம் இல்லை.

ஏன் சேர்க்கவில்லை? வெடிப்பு என்பது இந்த நாள், இந்த நேரம் என்று சொல்லக்கூடிய ஒரு சம்பவம். யார் வீட்டில் எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆயிரம் வீட்டில் சிலவற்றில்தான் நடக்கும், அதனால்தான் சிறிய பிரீமியத்தில் சமாளிக்க முடிகிறது. ஓதம் அப்படியில்லை. பராமரிக்காத பழைய வீட்டில் அது வந்தே தீரும். முதலில் பெயின்ட் கொப்பளிக்கும், பிறகு சுவரில் வெள்ளை உப்பு பூக்கும். பார்த்து நிறுத்த மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. அதையும் சேர்த்தால் எல்லோருடைய ரிப்பேர் செலவும் பிரீமியத்தில் ஏறிவிடும். கரையானும் இதே கதைதான். ஈரம் இருக்கும் இடத்தைத் தேடி மண்ணுக்குள்ளிருந்து வரும், நிலையை உள்ளே இருந்து தின்னும்.

சர்வேயர் எப்படிப் பிரிக்கிறார்? வெடித்த குழாயில் கிழிசல் புதிதாக, கூர்மையாக இருக்கும். சுவரில் தண்ணீர்க் கோடு ஒரே மட்டத்தில் ஓடும். பழைய கசிவிலோ மஞ்சள் கறை வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். உப்பு, பூஞ்சை, உப்பிய பிளைவுட் எல்லாம் ஒரே இரவில் வருவதில்லை. கரையானுக்கு மண்ணாலான மெல்லிய குழாய் சுவரில் ஏறியிருக்கும், நிலையைத் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும். சிக்கல், பல மாதம் கசிந்த குழாய் ஒருநாள் வெடிக்கும்போதுதான். அப்போது அந்த நாளின் சேதத்தையும் முந்தைய சேதத்தையும் பிரித்துக் கணக்கிட வேண்டியிருக்கும், வாக்குவாதமும் அங்கேதான்.

அதனால் வெடித்த அன்றே சில வேலைகள். முதலில் வால்வை மூடுங்கள். மூடாமல் விட்டதால் கூடிய சேதத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். துடைப்பதற்கு முன்னால் மொபைலில் போட்டோ எடுங்கள், ஓதமில்லாத சுவர்களையும் சேர்த்து. பிளம்பர் வெட்டியெடுத்த குழாய்த் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். அவர் பில்லில் தேதியும் 'குழாய் வெடிப்பு' என்ற காரணமும் எழுதச் சொல்லுங்கள். கம்பெனிக்கு உடனே தகவல் கொடுங்கள். முண்டியம்பாக்கம் அம்மாவின் ஃப்ரிட்ஜுக்குப் பணம் கிடைத்ததற்கு வீட்டுப் பொருட்களும் பாலிசியில் சேர்ந்திருந்ததே காரணம். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை பொருட்களுக்குத் தனி விவரம் கேட்காமலே பாதுகாப்பு உண்டு.

மறைந்த கசிவைப் பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மோட்டார் போடாமல், யாரும் தண்ணீர் புழங்காமல் காலை ஐந்துக்குப் பாருங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால், மறுநாள் இரவு தொட்டியின் வெளிவால்வையும் மூடிவிட்டு இதையே செய்யுங்கள். அப்போது இறங்கவில்லையென்றால் கசிவு குழாயில், இறங்கினால் தொட்டியில்.