டீமேட் கணக்கில் வந்துபோன அந்த RE

உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'என் டீமேட் கணக்கில், நான் வைத்திருக்கும் கம்பெனியின் பெயரோடு RE என்று சேர்த்து ஒரு வரி வந்தது. ஏதோ போனஸ் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் காணோம். எனக்கு நஷ்டமா?'

நஷ்டம்தான் சார். எப்படி என்று பார்ப்போம்.

உங்கள் ஊரில் நான்கு பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறது. ஆழப்படுத்தப் பணம் வேண்டும் என்று ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொருவரின் கால் பங்கும் ஐந்தில் ஒன்றாகிவிடும். புதியவர் நியாயமான விலை கொடுத்திருந்தால், பங்கு குறைந்தாலும் மதிப்பு குறையாது. அந்தப் பணம் கிணற்றுக்குள்தானே போகிறது! அடிமாட்டு விலைக்குச் சேர்த்தால்தான் பழைய நால்வரின் மடியிலிருந்து பணம் போகிறது. கம்பெனி புதுப் பங்குகளை வெளியிடும்போதும் இதே கதைதான்.

அதனால்தான் 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 62-வது பிரிவு, புதுப் பங்குகளை முதலில் பழைய பங்குதாரர்களுக்கு அவரவர் பங்கின் விகிதப்படி கொடுக்கச் சொல்கிறது. இதுதான் ரைட்ஸ் இஷ்யூ. வெளியாருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும்.

2020-ல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் செய்ததை எடுத்துக்கொள்வோம். 15 பங்குக்கு 1 புதுப் பங்கு, விலை 1,257 ரூபாய். அறிவித்த நாளில் சந்தை விலை சுமார் 1,466. ஒருவரிடம் 15 பங்கு இருந்தால் மதிப்பு 21,990 ரூபாய். 1,257 கட்டி இன்னொன்று வாங்கினால் மொத்தம் 23,247. அதை 16-ஆல் வகுத்தால் ஒரு பங்கு ஏறக்குறைய 1,453. மலிவு விலைப் பங்குகள் கலந்ததால் கணக்குப்படி விலை 13 ரூபாய் இறங்குகிறது. வாங்கியவருக்குக் கவலையில்லை, புதுப் பங்கில் கிடைத்த லாபம் ஈடுகட்டிவிடும். சும்மா இருந்தவருக்கு 15 பங்கிலும் தலா 13 போய், சுமார் 195 ரூபாய் நஷ்டம். கம்பெனியில் அவர் பங்கும் பதினாறில் ஒரு பாகம் சுருங்கிவிடும். சின்னத் தொகைதானே என்று தோன்றும். 1,500 பங்கு வைத்திருந்தவருக்கு அது 19,500.

அந்த 195 ரூபாய் உரிமைதான் நீங்கள் பார்த்த RE. புதுப் பங்கை வாங்கும் உரிமை என்று அர்த்தம், பங்கு அல்ல. கையில் பணம் இல்லாதவர் அதைச் சந்தையில் விற்றுவிடலாம். டீமேட்டில் வந்த உரிமையை இப்படிச் சந்தையில் விற்கும் வசதி ரிலையன்ஸ் இஷ்யூவில்தான் பெரிய அளவில் தொடங்கியது. ஆனால் விற்பனை, இஷ்யூ முடிவதற்குச் சில நாள் முன்பே நின்றுவிடும். ரிலையன்ஸில் மே 29-ல் நின்றது. விண்ணப்பம் ஜூன் 3 வரை. விற்காமலும் விண்ணப்பிக்காமலும் விட்டால் உரிமை காலாவதியாகி, அந்த வரி கணக்கிலிருந்து மறைந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு பக்கம் வழுக்குபவர்களும் உண்டு. RE மலிவாக இருக்கிறதே என்று சந்தையில் வாங்கிவிட்டு, பங்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வங்கியில் ஆஸ்பா மூலம் தனியாக விண்ணப்பித்து, இஷ்யூ விலையையும் கட்ட வேண்டும். இல்லையென்றால் RE-க்குக் கொடுத்த பணமும் சேர்ந்து போகும்.

ரைட்ஸில் இப்படி ஒரு கேடயமாவது இருக்கிறது. ஃபாலோ-ஆன் ஆஃபர் எனும் எஃப்.பி.ஓ.-வில் அதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், பழைய பங்குதாரரும் வரிசையில் ஒருவர்தான். 2020 ஜூலையில் யெஸ் வங்கி பங்கு 12 ரூபாய் என்று 15,000 கோடி திரட்டியது. அது சந்தை விலையில் பாதிக்கும் குறைவு. சுமார் 1,255 கோடியாக இருந்த பங்குகள் 2,505 கோடி ஆயின. அதாவது, பழையவர்களின் பங்கு ஏறக்குறைய பாதியானது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மார்ச்சில் வங்கியை மீட்டெடுத்த திட்டத்தின்படி, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் முக்கால்வாசிப் பங்குகள் மூன்று ஆண்டுகளுக்குப் பூட்டப்பட்டிருந்தன. விலை சரிவது தெரிந்தும் அவற்றை விற்க வழியில்லை. 12 ரூபாய்க்குப் புதிதாக வாங்கியவர்களுக்கு அந்தப் பூட்டு இல்லை.

மானாம்பதி சார், அடுத்த முறை RE என்று ஒரு வரி தெரிந்தால், அன்றைக்கே கம்பெனியின் ஆஃபர் கடிதத்தில் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: RE விற்பனை முடியும் நாள், இஷ்யூ முடியும் நாள். முதல் தேதிதான் முன்னால் வரும்.