எழுத்தில் வந்த குரல்

அழைப்பை எடுக்காதவேளை பதிவாகும் குரலஞ்சல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதே முன்னர் வழக்கமாயிருந்தது. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஐபோன் அவற்றைப் பட்டியலாகக் காட்டிற்று. வேண்டியதை முதலிற் கேட்கலாம். 2016இல் பேச்சை எழுத்தாக்கும் வசதியும் சேர்ந்தது. அஞ்சல் வந்ததென்று அறிவித்தல் தோன்றியதும், கேளாமலே வாசித்துவிடலாம்.

ஆயினும் வாசிப்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். விளங்காத சொல்லுக்குக் கருவி வெற்றுக் கோடிட்டால், குறை நமக்குப் புலனாகும். பிழையாய்க் கேட்டதைத் தெளிவாக எழுதிவிட்டாலோ, குறை தெரியாது. ஆங்கிலத்தில் 'கான்' என்றால் இயலும். 'கான்ட்' என்றால் இயலாது. விரைந்த பேச்சில் ஈற்றொலி தேய்ந்துவிடும். “நாளை வர இயலாது” என்றவர், எழுத்தில் “வர இயலும்” என்பவராகிவிடுவார். ஆகவே, அழைத்தவர் யார், எதற்கு என்பதை எழுத்தால் அறியலாம். நாளையும் எண்ணையும், ஆம் இல்லை என்பதையும் குரலைக் கேட்டே தெளிதல் வேண்டும்.