ஒரு பொய் சொன்னவர் ‘கத்தாப்’ ஆகிவிடுவாரா?



பிறை விவகாரம் வந்தாலும் சரி, பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு வந்தாலும் சரி, நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சொல் தாராளமாகப் புழங்குகிறது: கத்தாப். ஒருவர் ஒரு தகவலைப் பிழையாகப் போட்டுவிட்டால் போதும், “இவன் கத்தாப்” என்று பதில் வந்துவிடும். அரபியில் திட்டினால் மார்க்கம் பேசியதாகிவிடும் என்று நினைப்போ தெரியாது. ஆனால் அந்த அரபியே திட்டியவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

பொய் சொன்னவரை அரபியில் ‘காதிப்’ என்பார்கள். ஒரு தடவை சொன்னாலும் அவர் காதிப்தான். அதே வேர்ச்சொல்லில் நடு எழுத்துக்கு ஷத்து போட்டு, அதற்குப் பின் ஓர் அலிஃபையும் நீட்டினால் ‘கத்தாப்’ வரும். இது ‘ஃபஃஆல்’ என்ற அச்சு. இதே அச்சில்தான் கப்பாஸ் (ரொட்டி சுட்டு விற்பவர்), நஜ்ஜார் (தச்சர்), கய்யாத் (தையற்காரர்) எல்லாம் வருகின்றன. நோன்பு காலத்தில் வீட்டில் ஒருநாள் ரொட்டி சுட்டவரை யாரும் கப்பாஸ் என்பதில்லை. அதுவே அவருடைய தொழிலாக இருக்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதல்ல. நம்மிடம் ‘காரர்’ இருக்கிறது. பாண்காரர், பால்காரர் என்றால் தொழில். குடிகாரர், கோபக்காரர் என்றால் ஊறிப்போன குணம். ஒருநாள் கோபப்பட்டவரைக் கோபக்காரர் என்றால் அவர் வீட்டார் சும்மா விடுவார்களா?

இந்தக் குழப்பத்துக்கு நாம் படிப்பித்த விதமும் காரணம். “இந்த அச்சு முபாலகா, அதாவது ‘மிக அதிகமாக’ என்று அர்த்தம்” என்று மட்டும் மனனமாக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஜமல் என்றால் ஒட்டகம், ஜம்மால் என்றால் ஒட்டகக்காரர். இதில் எந்தச் செயல் ‘மிக அதிகமாக’ நடக்கிறது? துணி விற்பவருக்கு இதே அச்சில் வரும் ‘ஸவ்வாப்’ என்ற சொல்லை ஸீபவைஹி 1200 வருடங்களுக்கு முன்பே எடுத்துக் காட்டியிருக்கிறார். அதுவும் ‘ஸவ்ப்’, அதாவது துணி என்ற பெயரிலிருந்து வந்ததுதான்.

‘மிக’ என்று மட்டும் படித்த மாணவன் 41:46ஆம் வசனத்தில் திணறுவான். உமது இறைவன் அடியார்களுக்கு ‘ழல்லாம்’ அல்லன் என்று அங்கே வருகிறது. “அதிகம் அநியாயம் செய்பவன் இல்லை என்றால், கொஞ்சம் செய்வானா சேர்?” என்று கேட்பான். அறிஞர்கள் சொன்ன பதில்களில் ஒன்று, இங்கே அந்த அச்சைத் தொழிற்பெயரில் வருவதுபோல எடுக்க வேண்டும் என்பது. அப்போது ‘அநியாயம் என்பதே அவனிடம் இல்லை’ என்று பொருள் வரும். அடியார்களின் எண்ணிக்கை அதிகம் என்பதால் அப்படி வந்தது என்று விளக்கியவர்களும் உண்டு.

இப்போது 40ஆம் ஸூராவைத் திறந்து பாருங்கள். மூஸா நபி வந்ததுமே ஃபிர்அவ்னும் ஹாமானும் காரூனும் அவரைச் சூனியக்காரர், ‘கத்தாப்’ என்கிறார்கள் (40:24). ஆனால் ஃபிர்அவ்னின் கூட்டத்தில் ஈமானை மறைத்து வாழ்ந்த அந்த மனிதர் வேறு விதமாகப் பேசுகிறார். மூஸா ‘காதிப்’ என்றால் அந்தப் பொய் அவரையே சேரும் என்கிறார் (40:28). மூஸா சொன்ன அந்த விஷயத்தைப் பற்றி மட்டுமே பேசுவதால் காதிப் போதும். அதே வசனத்தின் கடைசியில், எல்லை மீறிய கத்தாபுக்கு அல்லாஹ் வழிகாட்டுவதில்லை என்கிறார். அங்கே பேச்சு ஒரு சொல்லைப் பற்றியதல்ல, ஒரு மனிதனின் இயல்பைப் பற்றியது. எடுத்த எடுப்பில் கத்தாப் என்றது ஃபிர்அவ்னின் சபை. அளந்து பேசியது முஃமின். நம் குழுக்களில் யாருடைய பாஷை ஓடுகிறது?

இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவர் பொய் சொல்லிக்கொண்டே, பொய்யைத் தேடிக்கொண்டே போய், கடைசியில்தான் அல்லாஹ்விடம் கத்தாப் என்று எழுதப்படுகிறார். எழுதப்படுவது அல்லாஹ்விடம். குரூப் அட்மினிடம் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டங்களிலிருந்தும் டவுணிலிருந்தும் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய் வந்த நம் தாய்மாரை, சகோதரிகளை, ‘கத்தாமா’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். அதுவும் இதே அச்சுத்தான், பெண்பாலில். பணிவிடை செய்து சம்பாதிப்பவர் என்பதற்கு மேல் அதில் எந்த இழிவும் இல்லை. இழிவு சிரிப்பவர் வாயில் இருக்கிறது. அவர் திரும்பி வந்து பத்து வருடமாகத் தையல் மெஷினில் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார் என்றால், அரபு இலக்கணப்படி அவருக்குப் பெயர் ‘கய்யாதா’.

சரியான அரபியில் கூப்பிடுங்கள். முடியாவிட்டால் பெயரைச் சொல்லி, தாத்தா என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள்.