விருந்தினர் வரவில்லை எனின் விழா நிற்பதா?

தோட்டத்துப் பள்ளியொன்றின் பரிசளிப்பு விழாவுக்கு அண்மையிற் சென்றிருந்தோம். தொடக்கம் மாலை 5 மணி, முடிவு 7.30 என அழைப்பிதழ் கூறிற்று. சிறப்பு விருந்தினர் வந்ததோ 6.10க்கு. அதுவரை நிகழ்ச்சி நிரலில் ஒன்றேனும் தொடங்கப்படவில்லை. மாலை ஏந்திய சிறுமியர் வாயிலில் நின்று களைத்தனர். விடியுமுன் பிரட்டுக்குப் போகவேண்டிய தாய்மார், கைக்குழந்தையுடன் எழுந்து போயினர். "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்ற அறிவிப்பு மட்டும் ஆறு முறை ஒலித்தது. ஒருவர் தாமதத்துக்கு ஊரே தண்டனை அடைவதா?

"விருந்தினர் இன்றித் தொடங்கல் அவமரியாதை" என்பர் சிலர். யாம் மறுக்கின்றோம். அவருக்கென உரியவை அவர்தம் உரையும் பரிசளிப்புமே. தமிழ் வாழ்த்தும், ஆண்டறிக்கையும், கோலாட்டமும் அவரை எதிர்நோக்கி நிற்பனவல்ல. 5.10க்கே அவற்றைத் தொடங்கியிருப்பின், அவர் வரும்போது பாதி விழா முடிந்திருக்கும். நிரல் மாறியதை ஒரே முறை அறிவித்தாற் போதும். அடுத்து ஆட வேண்டிய பிள்ளைகளுக்கு அதை முன்னரே சொல்லுதல் வேண்டும்.

நிற்க. அன்று 5.40க்கு ஓர் அன்பரை "இரண்டொரு வார்த்தை" பேச மேடையேற்றினர். விருந்தினர் வந்த பின்னும் அவர் இறங்கினாரில்லை! அவரை நிறுத்தவே பத்து நிமிஷம் சென்றது. இடைவெளியை நிரப்புவது எக்கணமும் நிறுத்தத்தக்கதாய் இருத்தல் வேண்டும். குறள் ஒப்பித்தல், சிறு பாட்டு, தோட்டத்து முதியவரிடம் பழைய பள்ளியைப்பற்றி நாலு கேள்வி: இவை மும்மூன்று நிமிஷத்தில் முடிவன. நாடகத்தையோ நீண்ட சொற்பொழிவையோ இங்கு நுழைத்தல் தவறு.

விருந்தினர் வந்ததும் பாடும் குழந்தையைப் பாதியில் நிறுத்தல் கொடுமை. பாட்டு முடியட்டும், அவர் ஓரமாய் வந்து அமரட்டும். தலைவர் அவர் காதில், முடிந்தவை இவை, எஞ்சியவை இவை என்று கூறட்டும். பின்னர் அறிமுகம் இரண்டே நிமிஷம்: பெயர், தொழில், இப்பள்ளிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு. தாமதத்தைக் குத்திக்காட்டலும் வேண்டா. "பொன்னான நேரத்தை ஒதுக்கி வந்தார்" என்று புகழ்தலும் வேண்டா. முன்னதில் விருந்தினர் நாணுவார். பின்னதில் காத்திருந்தோர் நகைப்பர். "தாங்கள் வருமுன் எங்கள் பிள்ளைகள் ஆடிப் பாடினர், பரிசுகள் தங்கள் கைக்குக் காத்திருக்கின்றன" எனல் உண்மையுமாம், மரியாதையுமாம்.

இழந்த நேரத்தைப் பொன்னாடையிலும் நன்றியுரையிலும் குறைத்தல் வேண்டும். பிள்ளைகளின் பங்கிற் குறைத்தலாகாது. 6.45 வரையும் விருந்தினர் வாராரெனின், தலைமையாசிரியரே பரிசு வழங்குக. 7.30க்கு விழா முடிக. அழைப்பிதழில் அச்சிட்ட நேரம் விருந்தினருக்கு மட்டும் கொடுத்த வாக்கன்று. கூலி வேலை முடித்து, குளித்து, குழந்தையைத் தூக்கி வந்தோர்க்கும் கொடுத்த வாக்காகும்.