ஏழரை டு ஒன்பதரை!

ஏழரை என்றதும் சனி பகவானை நினைக்காதீர்கள். ஆபீஸ் முடிந்து, தாம்பரம் லோக்கலில் நசுங்கி, வீட்டுக்கு வந்து காபி குடித்து நிமிர்ந்தால் மணி ஏழரை. ஒன்பதரைக்குக் கொட்டாவி. நடுவில் உள்ள இரண்டு மணி நேரம்தான் என் ஒரே சொத்து. ஜூனில் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமே என்று அதை வாடகைக்கு விடக் கிளம்பினேன்.

டியூஷன், பத்திரிகைக்கு எழுதுவது, டேட்டா என்ட்ரி என்று மூன்று வழி. என் மனசு மூன்றாவதில்தான். ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த நோட்டீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். "ஆயிரம் பக்கம், பதினஞ்சு நாள், 98 சதவிகிதம் தப்பில்லாம அடிச்சா இருபதாயிரம் சார். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 2,500 மட்டும் கட்டிடுங்க" என்றது ஒரு தேன் குரல்.

மனைவி காலண்டர் தாளைத் திருப்பினாள்.

"பக்கத்துக்கு எத்தனை வார்த்தைங்க?"

"முந்நூறு."

"நிமிஷத்துக்கு எத்தனை அடிப்பீங்க?"

"முப்பது." (கொஞ்சம் பெருமைதான்!)

"அடிக்கப் பத்து நிமிஷம், சரிபார்க்க அஞ்சு. ஆயிரம் பக்கத்துக்கு 250 மணி நேரம். உங்ககிட்ட இருக்கறது முப்பது!"

மறுநாள் ரயில் சிநேகிதர் ஒருவர் பெருமூச்சு விட்டார். அவர் ஏற்கெனவே பணம் கட்டியவராம். முடிக்கவில்லை என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று அனுப்பி, அபராதமும் கேட்டார்களாம். தப்பை எண்ணுவதும் அவர்களேதான்! வேலை தருகிறவன் நம்மிடம் பணம் கேட்டால், அது நமக்கு வேலையில்லை, அவனுக்கு வருமானம்.

அடுத்தது எழுத்து. ஒரு கட்டுரைக்கு 800 ரூபாய். மூன்று மாலை, ஆறு மணி நேரம் பிடித்தது. மணிக்கு 133 ரூபாய், மோசமில்லை. ஆனால் பிரசுரமானால்தான் பணம். "கட்டுரை வந்ததும் கட்டறேன்" என்று ஸ்கூல் கவுன்ட்டரில் சொல்ல முடியுமா?

மிச்சம் டியூஷன். வேளச்சேரியில் ஒரு பையன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தால் 2,000. மாதம் பன்னிரண்டு நாள். பாடம் ஒரு மணி, போக வர ஒரு மணி. மொத்தம் 24 மணி நேரம், மணிக்கு 83 ரூபாய். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் நம் வீட்டுக்கே வந்தால் ஆளுக்கு 1,500. நான் முன்கூட்டிப் படிப்பதற்கு நாளுக்கு இருபது நிமிஷம் சேர்த்தாலும் 16 மணி நேரம்தான். மணிக்கு 187 ரூபாய். அதுவும் மாதம் பிறந்ததும் கையில்.

ஒரே குறை, பத்தாவது பரீட்சை முடிந்தால் பையன்கள் எஸ்கேப். ஜூனுக்கான பணத்தை முன்னாலேயே எடுத்து வைக்கணும். ஏப்ரல், மேயில் கட்டுரை எழுதிக்கொள்ளலாம்.

இப்போது தாம்பரம் லோக்கலில் ஒற்றைக் காலில் நின்றபடி டிரிக்னாமெட்ரி போடுகிற ஆசாமியைப் பார்த்தால் தயவுசெய்து பேச்சுக் கொடுக்காதீர்கள். ஏழரை மணிக்குக் கேள்வி கேட்கிறார்கள், சார்!