'கடன் உண்டா?' என்பது கேள்வியே அன்று

சுயஉதவிக் குழுப் பெண்களிடம் நடத்தப்படும் கள ஆய்வுகளில், "பங்கேற்பாளர்கள் தங்கள் கடன்களை மறைக்கின்றனர்" என்னும் வரியை அடிக்கடி காண்கிறோம். இம்முடிவை நான் மறுக்கிறேன். பல நேரங்களில் அவர்கள் மறைக்கவில்லை. நாம்தான் வேறொன்றைக் கேட்டிருக்கிறோம்.

இந்தி பேசும் வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம். குழுவிலோ வங்கியிலோ வாங்கியது 'லோன்'. பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்றும் மளிகைக்கடை பாக்கியும் 'உதார்'. 'கர்ஜ்' என்பதோ சுமையாகிவிட்ட கடன். ஆய்வாளர் "லோன் உண்டா?" என்று கேட்டால், கைமாற்று வாங்கியவர் "இல்லை" என்பார். அது பொய்யன்று, சொல்லின் பொருள் எல்லைக்குள் நின்று சொன்ன துல்லியமான விடை. எளிய சொல்லை இட்டுவிட்டால் போதும் என்போர் இதைக் கவனிப்பதில்லை. 'லோன்' எளிய சொல்தான்; ஆயினும் அதன் பரப்பு குறுகியது. எனவே பெயரைக் கேட்காமல் நிகழ்வைக் கேட்க வேண்டும்: "திருப்பித் தர வேண்டிய பணம் இந்த வாரம் யாரிடமிருந்தாவது கைக்கு வந்ததா?"

இத்தகைய கேள்விக்கு உரிய இடம் பண நாட்குறிப்பு. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். வாரத் தொடக்கத்தில் கையிருப்பு 300 ரூபாய், கூலி 900, ஆக 1,200. செலவு 850, குழுச் சேமிப்பு 20, தவணை 250, ஆக 1,120. மீதம் 80 இருக்க வேண்டும். பெட்டியிலோ 280 இருக்கிறது. "கூடுதலாக 200 இருக்கிறதே, எதையாவது எழுத விட்டுவிட்டோமா?" என்று கேட்டால், நாத்தனாரிடம் வாங்கிய கைமாற்று நினைவுக்கு வரும். ஓராண்டுக் கடனை ஒரே அமர்வில் நினைவுகூரச் சொல்லும் வினாப்பட்டியலில் இந்த 200 ஒருபோதும் இடம்பெறாது.

வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் ஏழைக் குடும்பங்களை ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை, ஓராண்டுக் காலம் சந்தித்து எழுதப்பட்ட 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' (2009) நூல் இவ்வழியில்தான் சென்றது.

நாட்குறிப்புக்கும் குறைகள் உண்டு. பாக்கிக்கு வாங்கிய அரிசியில் பணம் கைமாறுவதில்லை. ஆகவே கணக்கு நேராகும், கடன் தப்பிவிடும். "காசு கொடுக்காமல் என்ன பொருள் வந்தது?" என்று தனியே கேட்டாக வேண்டும். கணவர் அருகிலிருந்தால் பெட்டியில் ஒளித்த சேமிப்பும் வெளிவராது. மேலும், இம்முறைக்குக் காலமும் பணமும் மிகுதியாகத் தேவை. பெரிய மாதிரிகளுக்கு அது ஒவ்வாது.

ஆனால் முப்பது பெண்களிடம் மூன்று மாதம் நாட்குறிப்பு எழுதி, அங்கு அவர்கள் கையாளும் சொற்களைக் கொண்டு பெரிய ஆய்வின் வினாக்களை அமைக்கலாமே. அதைச் செய்யாமல் ஆங்கில வினாப்பட்டியலை மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டு, விடை பொருந்தாதபோது விடையளித்தவரின் நேர்மையை ஐயுறுவது எந்த ஆய்வுநெறி?