ஒரு கட்டம் கூறும் நான்கு செய்திகள்

ஆவர்த்தன அட்டவணையில் இன்று 118 தனிமங்கள் இடம் பெற்றுள்ளன. வேதியியலைப் புதிதாகத் தொடங்கும் மாணவனுக்கு அவற்றுள் முதல் இருபதின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கக் கற்பிப்பது பல பள்ளிகளில் வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு தடையின்றி ஒப்பிப்பவனிடம் ஒரே ஒரு கட்டத்தைச் சுட்டி, அதிலுள்ள எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று வினவினால் அவன் தயங்கி நிற்பதைக் காணலாம். இருபது பெயர்களுக்கு முன்னர் ஒரு கட்டத்தை முழுமையாகப் படிக்கக் கற்பிப்பதே முறையாகும். அதற்குக் குளோரினின் கட்டம் மிகவும் ஏற்றது. தொடக்க மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகள் அங்கே தெளிவாக வெளிப்படும்.

அக்கட்டத்தில் 17 என்னும் எண்ணும், Cl என்னும் எழுத்துக்களும், 35.45 என்னும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அட்டவணைக்கு அட்டவணை இவ்வெண்கள் மேலும் கீழுமாக இடம் மாறுவதுண்டு. ஆதலால் இடத்தைக் கொண்டு அடையாளம் காணலாகாது. முழு எண்ணாகவும், இரண்டனுள் சிறியதாகவும் இருப்பதே அணு எண். குளோரின் அணுவின் கருவில் 17 புரோட்டான்கள் உள்ளன என்பது அதன் பொருள். ஒரு புரோட்டான் கூடினால் அது ஆர்கான் ஆகிவிடும். ஒன்று குறைந்தால் கந்தகம் ஆகிவிடும். தனிமத்தின் அடையாளம் இவ்வெண்ணே.

குறியீட்டில் முதலெழுத்துப் பெரியதாகவும் இரண்டாவது சிறியதாகவும் இருத்தல் வேண்டும். இது வெறும் எழுத்து வழக்கம் அன்று. Co என்பது கோபால்ட் என்னும் உலோகம். CO என்று எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு.

மூன்றாவதான 35.45 என்பது அணு எடை. மாணவர் மிகுதியாக இடறுவது இங்கேதான். பாடங்களில் இவ்வெண்ணை 35.5 என்று சுருக்கி வழங்குவர். அதனை 36 என முழுமையாக்கி, அதிலிருந்து 17-ஐக் கழித்து, குளோரினில் 19 நியூட்ரான்கள் உள்ளன என்று மாணவன் எழுதுகிறான். கழித்தல் சரியே, விடை தவறு. இயற்கையில் கிடைக்கும் குளோரின் இருவகை அணுக்களின் கலவையாகும். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அணுக்களின் நிறை எண் 35. எஞ்சியவற்றின் நிறை எண் 37. மூன்று 35-உம் ஒரு 37-உம் சேர்ந்தால் 142. அதனை நான்கால் வகுத்தால் 35.5 கிடைக்கிறது. ஆகவே கட்டத்திலுள்ள எண் ஒரு சராசரியே. அந்த எடையுள்ள தனி அணு எதுவும் இல்லை. உண்மையில் முதல்வகை அணுவில் 18 நியூட்ரான்களும், இரண்டாம் வகையில் 20 நியூட்ரான்களும் உள்ளன. மாணவன் கணக்கிட்ட 19 நியூட்ரான் உள்ள அணு இயற்கையில் மிக அரிது; அது கதிரியக்கமும் உடையது. நியூட்ரான்களைக் கணக்கிடுமாறு கேட்கும் ஆசிரியர், எந்த ஐசோடோப்பு என்பதையும் வினாவிலேயே குறிப்பிடுதல் வேண்டும்.

நான்காவது செய்தியாகிய மின்னூட்டம் பெரும்பாலான அட்டவணைகளில் அச்சிடப்படுவதில்லை. கட்டம் அமைந்த இடத்திலிருந்து அதனை உய்த்துணர வேண்டும். குளோரின் 17-ஆம் நிரலில் இருக்கிறது. இந்த 17 அணு எண்ணோடு ஒத்திருப்பது தற்செயலே. அதே நிரலிலுள்ள புளோரினின் அணு எண் 9. குளோரினை அடுத்து, வரிசையின் கடைசியில் நிற்பது நிலையான ஆர்கான். அதற்கு 18 எலக்ட்ரான்கள். குளோரினுக்கு ஒன்று குறைவு. சோடியம் போன்ற உலோகத்திடமிருந்து அந்த ஒன்றைப் பெற்றதும், 17 புரோட்டான்களுக்கு எதிராக 18 எலக்ட்ரான்கள் அமைகின்றன. எனவே மின்னூட்டம் −1. ஒன்றைப் பெற்றதனால் +1 என எழுதுவது பரவலான பிழை. பெற்றது எதிர்மின் துகள் என்பதை நினைவிற் கொண்டால் இது நேராது. விடையைச் சரிபார்க்கவும் வழியுண்டு. கால்சியத்தின் அணு எண் 20. அது ஆர்கானைவிட இரண்டு எலக்ட்ரான்கள் மிகுதியாக உடையது. அவற்றை இழந்து +2 ஆகிறது. இரண்டு குளோரின் அயனிகள் சேர்ந்தாலன்றி அது சமனாகாது. CaCl₂ என்னும் வாய்பாடு அதனையே காட்டுகிறது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. குளோரின் ஆக்சிஜனுடன் இணையும் சேர்மங்களில் இக்கணக்குப் பொருந்தாது. அட்டவணையின் நடுவிலுள்ள இரும்பு சில சேர்மங்களில் +2 ஆகவும், வேறு சிலவற்றில் +3 ஆகவும் இருக்கிறது; எது என்பதை அதன் கட்டம் கூறாது. மின்னூட்டத்தைப் பற்றிக் கட்டம் தருவது ஓர் எதிர்பார்ப்பே.

ஆகவே தொடக்கத் தேர்வுகளில் இருபது பெயர்களை எழுதுமாறு கேட்பதற்கு மாற்றாக, மாணவன் அறியாத ஒரு கட்டத்தை அச்சிட்டுக் கொடுத்து, அதில் எழுதப்பட்டிருப்பது எது, இடத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியது எது என்று கேட்கலாம். அவ்விரண்டையும் பிரித்துக் கூறுபவன் 118 கட்டங்களையும் தானே படித்துக்கொள்வான்.